ரன்வே கணக்கு: கையில் உள்ள பணம் எந்த மாதம் வரை தாங்கும் என்று ஃபவுண்டர்களுக்குக் காட்டுவது எப்படி

வங்கியில் 154 லட்சம் ரூபாய் இருக்கிறது. கடந்த மூன்று மாதங்களில் வரவு போக மாதம் சராசரியாக 12.67 லட்சம் கரைந்திருக்கிறது. வகுத்தால் 12 மாதம். ஸ்டார்ட்அப்பில் நிதி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தயாரிக்கும் ரன்வே கணக்கு பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலோடு முடிந்துவிடுகிறது. அதே நிறுவனத்தை அதே எண்களை வைத்து ஒழுங்காகக் கணக்கிட்டால் ஏழு மாதம்தான் வரும். இடையில் காணாமல் போன ஐந்து மாதம் எங்கே போனது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது சென்னையில் உள்ள, 14 பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனம். விளக்குவதற்காக நானே அமைத்த எண்கள் இவை, உண்மையான எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. கணக்கு எடுக்கும் நாள் செப்டம்பர் 30. செப்டம்பர் சம்பளம் போட்டாகிவிட்டது. எல்லாத் தொகையும் லட்சத்தில்.

## 1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லா வங்கிக் கணக்குகளின் மூன்று மாத ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள், சம்பளப் பட்டியல், பணம் வராத பில்களின் பட்டியல், வருடத்துக்கு ஒருமுறை கட்டும் செலவுகளின் பட்டியல், கையெழுத்தாகி வெளியே போன ஆஃபர் லெட்டர்கள். இவ்வளவும் வந்த பிறகுதான் ஷீட்டைத் திறக்க வேண்டும். பாதியில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினால், வராத தகவலுக்குப் பதிலாக ஓர் ஊகம் உள்ளே புகுந்துவிடும். அப்புறம் அது ஊகம் என்பதே மறந்துபோகும்.

டாலியில் உள்ள லாப நட்டக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. அதில் தேய்மானம் செலவாக நிற்கும், ஆனால் அதற்காக ஒரு ரூபாயும் வங்கியை விட்டுப் போவதில்லை. மறுபுறம் லேப்டாப் வாங்கிய தொகையும், கடனின் அசல் தவணையும், அலுவலகத்துக்குக் கொடுத்த அட்வான்ஸும் வங்கியிலிருந்து போயிருக்கும், நட்டக் கணக்கில் முழுதாகத் தெரியாது. நட்டம் வேறு, மாதாமாதம் வங்கியிலிருந்து கரையும் பணமான பர்ன் வேறு. பர்னுக்கு ஆதாரம் வங்கி ஸ்டேட்மென்ட்தான்.

## 2. வங்கியில் உள்ள பணத்தில் நம்முடையது எவ்வளவு

முதலில் வகுத்தலில் மேலே உள்ள எண்ணை, அதாவது கையில் உள்ள பணத்தை, சரி செய்ய வேண்டும். அது தவறாக இருந்தால் பர்னை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் பயனில்லை.

நம் உதாரணத்தில் நடப்புக் கணக்கில் 94, ஃபிக்சட் டெபாசிட்டில் 60, ஆக 154. டெபாசிட்டில் 10 லட்சத்தை, ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த பேங்க் கேரன்டிக்காக வங்கி பிடித்து வைத்திருக்கிறது. கேரன்டி முடியும்வரை அதைத் தொட முடியாது. அதைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து, நம் கணக்கில் இருந்தாலும் அரசுக்குப் போக வேண்டிய பணம். செப்டம்பரில் சம்பளத்திலும் வெண்டர் பில்களிலும் பிடித்த டிடிஎஸ் அக்டோபர் 7-க்குள் கட்ட வேண்டும், அது 2.5. பிஎஃப் 15-க்குள், அது 2. ஜிஎஸ்டி 20-க்குள், உள்ளீட்டு வரி வரவு போக 1. இவற்றோடு செப்டம்பரில் தேய்த்து இன்னும் கட்டாத கிரெடிட் கார்டு பாக்கி 2.5.

154-இலிருந்து 10-உம், இந்த 8-உம் போனால் 136. பயன்படுத்தக்கூடிய பணம் இவ்வளவுதான்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. இந்த 8 லட்சத்தை இப்போது கழித்துவிட்டு, அக்டோபர் செலவிலும் அதே தொகையைப் போட்டால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். இதைத் தவிர்க்க ஒரே விதியைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்: சம்பளத்தை, கைக்குப் போகும் தொகை, டிடிஎஸ், பிஎஃப் எல்லாம் சேர்த்து அந்தந்த மாதச் செலவாகவே எழுதுங்கள். கார்டுச் செலவும் தேய்த்த மாதத்துக்கே. அப்படி எழுதினால் செப்டம்பர் பாக்கிகளைத் தொடக்கத்தில் கழிப்பதுதான் சரி. பணம் போன தேதிப்படி எழுதுவதென்றால் தொடக்கத்தில் கழிக்கக் கூடாது. எந்த முறையானாலும் பரவாயில்லை, கலக்கக் கூடாது.

வீட்டு உரிமையாளரிடம் உள்ள அலுவலக அட்வான்ஸ், முதலீட்டாளர் தருவதாகச் சொன்ன இரண்டாம் தவணை, வருமான வரித் துறையிடம் நிற்கும் டிடிஎஸ் ரீஃபண்ட், இவை எதுவும் இந்த வரியில் வராது. முதலீட்டுப் பணம் வங்கிக்கு வந்திருந்தாலும் கவனம் தேவை. தனியார் ஒதுக்கீட்டில் திரட்டிய தொகையை, பங்குகளை ஒதுக்கி அதற்கான பிஏஎஸ்-3 படிவத்தைத் தாக்கல் செய்யும்வரை பயன்படுத்தக் கூடாது என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் இருப்பையும் சேர்த்துக் காட்டிவிட்டு, சம்பள நாளில் எடுக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

## 3. மாதச் செலவைப் பிரித்து எடுப்பது

கடந்த மூன்று மாதச் செலவு, ஜிஎஸ்டி நீக்கி: ஜூலை 22, ஆகஸ்ட் 23, செப்டம்பர் 30. அப்படியே சராசரி எடுத்தால் 25. ஆனால் அந்த 25 எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் முன்னே போகக் கூடாது.

செப்டம்பரில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கான ஆண்டுப் பிரீமியம் 4, லேப்டாப்களுக்கு 2. இவற்றை எடுத்துவிட்டால் வழக்கமான செலவு 22, 23, 24 என்று நிற்கிறது. இப்போது இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, செலவு மாதாமாதம் ஏறுகிறது. ஏறும் வரிசையில் சராசரி எடுத்தால் நடு மாதத்தின் எண்தான் கிடைக்கும், இன்றைய நிலை கிடைக்காது. ஆகவே இங்கே கடைசி மாதத்தின் 24-ஐ எடுக்க வேண்டும். செலவு ஏறியும் இறங்கியும் இருந்தால் மட்டும் சராசரி.

இரண்டாவது, காப்பீடும் லேப்டாப்பும் "ஒரே முறை செலவு" என்று சொல்லித் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். காப்பீடு அடுத்த செப்டம்பரிலும் வரும். ஆள் சேர்த்தால் லேப்டாப் வரும். ஜனவரியில் மென்பொருள் சந்தா 2, தீபாவளி போனஸ் 4. நான்கையும் கூட்டினால் வருடத்துக்கு 12, மாதத்துக்கு 1. ஆக மாதச் செலவு 25. கிராஸ் பர்ன் என்று சொல்வது இதைத்தான். வேறு வழியாக வந்தாலும் சராசரியும் 25-தானே என்று தோன்றலாம். இந்த முறை அப்படி அமைந்துவிட்டது. காப்பீடு அக்டோபருக்குத் தள்ளிப்போயிருந்தால் சராசரி 24-க்குக் கீழே போயிருக்கும், நாம் பிரித்து எடுத்த 25 மாறியிருக்காது.

ஃபவுண்டர்கள் சம்பளம் எடுக்கிறார்களா என்று இந்தக் கட்டத்தில் கேட்டுவிடுங்கள். எடுக்காமல் இருந்தால் பர்ன் குறைவாகத் தெரியும். எந்த மாதத்திலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்பது அட்டவணையில் வர வேண்டும். நம் உதாரணத்தில் அது 24-க்குள் சேர்ந்தே இருக்கிறது.

## 4. வரவு: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

வரவு, ஜிஎஸ்டியும் வாடிக்கையாளர் பிடித்த டிடிஎஸ்ஸும் நீக்கி: ஜூலை 8, ஆகஸ்ட் 20, செப்டம்பர் 9. சராசரி 12.33. ஆகஸ்டில் ஒரு வாடிக்கையாளர் ஆண்டுச் சந்தா முழுவதையும், 12 லட்சத்தை, ஒரே தவணையில் கட்டியிருக்கிறார். அந்தப் பணம் நம்முடையதுதான், ஏற்கெனவே வங்கி இருப்பில் எண்ணியாகிவிட்டது. அதையே மாத வரவின் சராசரிக்குள்ளும் விட்டால், அவர் ஒவ்வொரு காலாண்டும் 12 லட்சம் கட்டுவார் என்று சொன்னதாகும். அவர் அடுத்து கட்டப்போவது அடுத்த ஆகஸ்டில், அதுவும் புதுப்பித்தால். எடுத்துவிட்டால் வரவு 8, 8, 9. நான் 8 என்று வைப்பேன். செலவு ஏறும்போது கடைசி எண்ணையும், வரவில் நிலையாக வந்த குறைந்த எண்ணையும் எடுப்பது என் வழக்கம். ஒரே ஒரு மாதம் 9 வந்தது இன்னும் போக்கு ஆகவில்லை.

பில் தொகையை வரவாக எழுதுவது இன்னொரு தவறு. 10 லட்சத்துக்குப் பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு அது 11.8. வாடிக்கையாளர் 10 லட்சத்தின் மேல் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் வங்கிக்கு வருவது 10.8. அதில் 1.8 ஜிஎஸ்டிக்கு. மிஞ்சுவது 9. பிடித்த 1 லட்சம் தொலைந்துபோகவில்லை. நட்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு ரீஃபண்டாக வரும். ஆனால் இந்த மாதச் சம்பளத்துக்கு அது உதவாது.

இதைவிட வலிப்பது கால வித்தியாசம். ஜிஎஸ்டி பில் போட்டதும் கடனாகிவிடும், பணம் வந்ததா என்று பார்ப்பதில்லை. செப்டம்பர் கடைசியில் பில் போட்டு, வாடிக்கையாளர் 60 நாள் கழித்துக் கட்டினால், அக்டோபர் 20-க்குள் அந்த 1.8 லட்சம் நம் கையிலிருந்து போயிருக்கும். சிறிய பில்களுக்கு இதைப் பொருட்படுத்த வேண்டாம். பெரிய பில் ஒன்று நிலுவையில் இருந்தால் மட்டும், அடுத்த மாதச் செலவில் அதன் ஜிஎஸ்டியைப் போட்டு, பணம் வரும் மாதத்தில் ஜிஎஸ்டியோடு சேர்த்து வரவில் எழுதுங்கள்.

பணம் வராத பில்களை எந்த மாதத்தில் எழுதுவது? பில்லில் அச்சிட்ட தவணை நாளை நம்பாதீர்கள். அதே வாடிக்கையாளர் முந்தைய மூன்று பில்களை எத்தனை நாளில் கட்டினார் என்று பாருங்கள். 30 நாள் என்று எழுதி 75 நாளில் கட்டுபவர் இந்த முறையும் 75 நாளில்தான் கட்டுவார்.

## 5. முதல் எண்

கிராஸ் பர்ன் 25, வரவு 8, நெட் பர்ன் 17. கையில் 136. வகுத்தால் 8 மாதம்.

பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வந்துவிட்டோம். இன்னும் எதிர்காலத்தை நாம் தொடவே இல்லை. பழைய மூன்று மாதத்தைச் சரியாகப் படித்ததிலேயே நான்கு மாதம் குறைந்தது. ஆனால் இதையே ஃபவுண்டர்களிடம் காட்டக் கூடாது. வகுத்தல் எல்லா மாதமும் ஒன்றுபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது, மாதங்கள் அப்படி இல்லை.

## 6. மாதவாரி அட்டவணை

ஷீட்டில் ஐந்து பத்திகள் போதும்: மாதம், தொடக்கம், வரவு, செலவு, முடிவு. முதல் மாதத்தின் தொடக்கத்தை மட்டும் கையால் எழுதுங்கள். மற்றவை சூத்திரம்.

```
E2:  =B2+C2-D2
B3:  =E2
```

இங்கே ஆண்டுச் செலவுகளை மாதத்துக்கு 1 என்று பரப்பக் கூடாது. எந்த மாதத்தில் போகுமோ அந்த மாதத்தில் முழுதாகப் போடுங்கள். ஆகவே அடிப்படைச் செலவு 24. அதன் மேல் தெரிந்த மாற்றங்கள்: அக்டோபரில் போனஸ் 4. ஆஃபர் லெட்டர் வாங்கிய இருவர் நவம்பரில் சேர்கிறார்கள், இருவருக்கும் சேர்த்து மாதம் 2, அவர்களுக்கான லேப்டாப் செப்டம்பரிலேயே வாங்கியாகிவிட்டது. ஜனவரியில் மென்பொருள் சந்தா 2. ஏப்ரலில் சம்பள உயர்வு, மாதம் 2.

| மாதம் | தொடக்கம் | வரவு | செலவு | முடிவு |
|---|---|---|---|---|
| அக்டோபர் | 136 | 8 | 28 | 116 |
| நவம்பர் | 116 | 8 | 26 | 98 |
| டிசம்பர் | 98 | 8 | 26 | 80 |
| ஜனவரி | 80 | 8 | 28 | 60 |
| பிப்ரவரி | 60 | 8 | 26 | 42 |
| மார்ச் | 42 | 8 | 26 | 24 |
| ஏப்ரல் | 24 | 8 | 28 | 4 |
| மே | 4 | 8 | 28 | −16 |

ஏப்ரல் சம்பளம் போட்டதும் கையில் 4 லட்சம். மே சம்பளம் போட முடியாது. அதாவது ஏழு மாதம்.

வரவுப் பத்தியில் 8-ஐ 10 ஆக்கு, 12 ஆக்கு என்று யாராவது கேட்பார்கள். கையெழுத்தான ஆர்டர் இருந்தால் ஏற்றுங்கள். "அந்த டீல் முடிந்த மாதிரிதான்" என்பதை இந்த அட்டவணையில் ஏற்றாதீர்கள். அதற்கு அடியில் தனி வரி போட்டு, வந்தால் எத்தனை நாள் கூடும் என்று காட்டலாம். விற்பனைக் கனவும் வங்கிக் கணக்கும் ஒரே வரியில் கலந்துவிட்டால், அட்டவணையை யாரும் நம்ப மாட்டார்கள்.

## 7. பணம் தீரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

பணம் தீரும் மாதம் தெரிந்துவிட்டது. ஃபவுண்டர்களுக்கு உண்மையில் வேண்டியது அதற்கு முந்தைய ஒரு தேதி: எப்போதுக்குள் முடிவு எடுக்க வேண்டும்?

முதலில் கடைசிக் கையிருப்பை ஒதுக்குங்கள். நிலைமை மோசமாகி நிறுவனத்தை மூட நேர்ந்தாலும், ஊழியர்களுக்கு ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், பிடித்த டிடிஎஸ், பிஎஃப், வெண்டர் பாக்கி எல்லாம் கொடுத்தாக வேண்டும். ஊழியர்களிடம் பிடித்த பிஎஃப்பும் டிடிஎஸ்ஸும் கம்பெனியின் பணமே அல்ல, அவற்றில் கை வைத்தால் இயக்குநர்கள் மேலேயே நடவடிக்கை வரலாம். நம் உதாரணத்தில் சம்பளம் 19, மற்ற பாக்கி சுமார் 5, ஆக 24. அட்டவணையைப் பாருங்கள், மார்ச் முடிவில் இருப்பது சரியாக 24. ஆகவே மார்ச் 31-தான் உண்மையான கடைசி நாள்.

அடுத்து, புது முதலீடு திரட்ட ஆகும் காலம். முதல் சந்திப்பிலிருந்து கணக்கு ஆய்வு, ஒப்பந்தம், பங்கு ஒதுக்கீடு, படிவத் தாக்கல் எல்லாம் முடிந்து பணத்தைத் தொடும்வரை ஆறு மாதம் என்று நான் வைப்பேன். சீக்கிரம் முடிந்தால் நல்லது. மார்ச் 31-இலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணினால் செப்டம்பர் 30.

அதாவது இன்று. 12 மாதம் இருக்கிறது என்று நினைத்திருந்தால், பொங்கல் கழித்துப் பேச ஆரம்பிக்கலாம் என்று இருந்திருப்பார்கள்.

## 8. மூன்று கேள்விகளுக்கு விடையோடு போங்கள்

அட்டவணையைக் கண்டதும் ஃபவுண்டர்கள் கேட்பவை பெரும்பாலும் இந்த மூன்றுதான். பதிலைக் கூட்டத்துக்கு முன்பே போட்டு வையுங்கள். அங்கேயே ஷீட்டில் விரல் ஓட்டினால் ஏதாவது ஒரு சூத்திரம் உடையும்.

பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால்? மாத வரவு 8-இல் 3 ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று வையுங்கள். அவர் நவம்பரிலிருந்து நிறுத்தினால் மார்ச் முடிவில் 9 லட்சம்தான் இருக்கும், ஏப்ரல் சம்பளத்திலேயே பணம் தீரும். ஒரு மாதம் குறைகிறது. மார்ச்சிலேயே இருப்பு கடைசிக் கையிருப்பான 24-க்குக் கீழே போய்விடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விளம்பரத்தை நிறுத்தினால்? விளம்பரத்துக்கு மாதம் 3 போகிறது. நவம்பரிலிருந்து அதை நிறுத்தி, ஏப்ரல் சம்பள உயர்வையும் தள்ளிவைத்தால், மே முடிவில் 9 லட்சம் மிஞ்சும், ஜூனில் தீரும். ஒரு மாதம் கூடுகிறது, அவ்வளவுதான். விளம்பரம் நின்றால் புது வரவும் குறையுமே என்பதை இந்தக் கணக்கு பார்க்கவில்லை, அதை வாயால் சொல்லுங்கள்.

கொஞ்சம் பார்த்துவிட்டுக் குறைக்கலாமா? அதே குறைப்பை மூன்று மாதம் தள்ளி பிப்ரவரியில் செய்தால் மே முடிவில் இருப்பு பூஜ்யம். தள்ளிப்போட்டதற்கான விலை 9 லட்சம். எந்தச் செலவைக் குறைப்பது என்று நீங்கள் வாதாட வேண்டியதில்லை, அது அவர்கள் முடிவு. காத்திருப்பதன் விலையைக் காட்டுவது உங்கள் வேலை.

## 9. காட்டும் பக்கம்

ஒரே பக்கம். மேலே மூன்று வரி: பயன்படுத்தக்கூடிய பணம் 136 லட்சம், நெட் பர்ன் மாதம் 17 லட்சம், பணம் தீருவது மே மாதம். அதன் கீழே முடிவெடுக்கும் தேதி. பிறகு அட்டவணை. ஆண்டுச் செலவுகளைப் பரப்பிய 17 ஏன் அட்டவணையின் எந்த வரியிலும் இல்லை என்று கேட்பார்கள், ஒரு சிறு குறிப்பு அங்கேயே போட்டுவிடுங்கள்.

மாத எண்ணிக்கையைத் தசமத்தில் எழுதாதீர்கள். "7.2 மாதம்" என்றால் இல்லாத துல்லியம் இருப்பதுபோலத் தோன்றும். மாதத்தின் பெயரை எழுதுங்கள். "ஏழு மாதம்" என்று மூன்று கூட்டங்களாகக் கேட்டால் அது நகரவே இல்லை என்று மனம் நினைக்கும். "மே" என்று எழுதினால் ஒவ்வொரு கூட்டத்திலும் அது நெருங்கி வருவது தெரியும்.

கூட்டத்தைத் தொடங்கும்போது வங்கி இருப்பு 154 எப்படி 136 ஆனது என்பதை முதலில் விளக்குங்கள். ஃபவுண்டர்கள் தினமும் போனில் பார்க்கும் எண் 154. அது ஏன் குறைந்தது என்று புரியாவிட்டால் அடுத்த வரியைக் கேட்கவே மாட்டார்கள்.

## 10. அடுத்த மாதம் 5-ஆம் தேதி

அக்டோபர் முடிந்ததும் ஷீட்டை மேலெழுதாதீர்கள். பழைய கணிப்பு 116 பக்கத்தில் உண்மையான முடிவை எழுதுங்கள். 112 வந்தால் அந்த 4 லட்சத்துக்குப் பெயர் வேண்டும்: பில் தாமதமா, புதுச் செலவா, நாம் விட்டுப்போன ஆண்டுக் கட்டணமா. தாமதம் என்றால் அது நவம்பரில் திரும்ப வரும், தீரும் மாதம் மாறாது. புதுச் செலவு மாதாமாதம் தொடரும் என்றால் அடிப்படைச் செலவு 24-ஐயே மாற்ற வேண்டும், மே ஏப்ரல் ஆகலாம். இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தவறினால், தொடக்கத்தில் எடுத்த 24-உம் 8-உம் சரியில்லை என்று அர்த்தம். அப்போது மூன்றாம் நான்காம் படிகளுக்குத் திரும்பிப் போய் ஸ்டேட்மென்ட்டிலிருந்து மறுபடி எடுங்கள்.